மருமகன் பயோடேட்டாவில் மாமனார் வைத்த சிவப்பு மை

எனக்கு ஆங்கிலம் வராது என்பது ஆரணியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவர், பள்ளியில் எனக்கு ஆங்கிலம் எடுத்த சார். மற்ற ஊர் முழுக்க என்னை நம்பித்தான் பயோடேட்டா அடிக்க வந்தது. கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவனுக்கு ஆங்கிலம் தெரியாமலா இருக்கும் என்று மக்களே முடிவு செய்துகொண்டார்கள். மக்கள் தீர்ப்பை மறுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று மூன்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர். இன்டர்நெட்டும் இருந்தது. இன்டர்நெட் ஓடினால் தொலைபேசி ஓடாது. தொலைபேசி அடித்தால் இன்டர்நெட் படுத்துவிடும். இரண்டும் சேர்ந்து ஓடுகிற ஊருக்குப் போய்விட வேண்டும் என்று நான் அப்போது நினைத்ததுண்டு. போகவில்லை. போவதற்கு எழுத வேண்டிய பயோடேட்டாவை யார் ஆங்கிலத்தில் எழுதுவது?

அந்த இரண்டாயிரத்துச் சொச்ச வருடங்களில் விசைத்தறி ஆட்கள் பெங்களூர்ப் பக்கத்து ஆலைகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆலைகள் நேராக ஆள் எடுக்காமல் கன்சல்டன்சி என்கிற அலுவலகங்களிடம் விட்டிருந்தன. அங்கே ஆங்கில பயோடேட்டாவை ஈமெயிலில் அனுப்ப வேண்டும். அப்படித்தான் என் கடைக்கு ஒரு ஃபிட்டர் வந்தான். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். தறி நின்றுபோனால் ஊரில் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். நாலு முழுப் பேப்பரில் அழகான கையெழுத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

"ண்ணா, இத்த அப்டியே இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்கண்ணா. ஒரு எழுத்துகூட வுடாத."

"எழுத்து வுட்டா என் பேர மாத்திக்கிறேன் போ" என்றேன்.

அவனுக்கு என்ன அவசரம் என்பது எனக்குத் தெரியும். அவன் கட்டிக்கொண்டது என் ஆங்கில சாரின் ஒரே மகளை. வேலூர் பஸ்ஸில் ஆரம்பித்துப் பதிவு அலுவலகத்தில் முடிந்த காதல் கல்யாணம். சார் ஒரு வருடம் பேசவில்லை. அப்புறம் அவன் வேலை செய்த ஆலை மூடி, வாடகை வீட்டைக் காலி செய்து, மகள் மாசமாகவும் இருந்தபோது, சார் வந்து மகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். மருமகன் விசைத்தறி ஷெட்டிலேயே படுத்துக்கொண்டான். சாரின் நிபந்தனை தெளிவானது. கம்பெனி வேலை, சம்பளச் சீட்டு, குடும்பம் தங்க குவார்ட்டர்ஸ். மூன்றும் வந்த அன்றைக்குப் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு போகலாம். பெங்களூர்ப் பக்கத்துப் புது ஆலையொன்று அப்போது ஃபிட்டர்களுக்கு அந்த மூன்றையும் தந்தது. பிரசவத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கணக்கு.

நான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். ஒரு எழுத்து விடவில்லை. அவன் "பெட்டி ரிப்பேர் நன்கு தெரியும்" என்று எழுதியிருந்தான். நான் 'பாக்ஸ் ரிப்பேரிங்' என்று போட்டேன். "நாடா இல்லாத தறியில் மூன்றாண்டு அனுபவம்" என்பதை 'லூம் வித்தவுட் நாடா' என்று ஆங்கிலமாக்கினேன். "தறி மேஸ்திரி" என்பதற்கு அகராதியில் கொத்தனார் மாதிரி ஏதோ வந்தது; அதையும் போட்டேன். பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மென்பொருளில் ஏற்றி, நான்கு ஓரத்திலும் மயில் பார்டர் வைத்து, மொத்தத்தையும் படமாக மாற்றி அனுப்பினேன். கலைஞனால் எதிலும் தன் கைவேலையைக் காட்டாமல் இருக்க முடியாது.

பதில் வரவில்லை. கன்சல்டன்சிக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண். தேடினாள். "அப்படி யாரும் இல்லையே சார்" என்றாள். மயில் போட்டிருக்கும் மேடம் என்றேன். மறுமுனையில் சிரிப்பு வந்தது.

"நீங்க அனுப்பினதா அது! நாங்க கல்யாணப் பத்திரிகைனு நெனச்சோம். இருங்க, திறக்கறேன். ஏன் சார், இவரு ஆசாரியா? பெட்டி ரிப்பேர்னு இருக்குது?"

கிண்டல் முடிந்ததும் அவள் ஒழுங்காகச் சொன்னாள். இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். என் கடையில் அதுவரை பாழாய்ப் போன பயோடேட்டாக்கள் ஏன் பாழாய்ப் போயின என்பது அன்றுதான் தெரிந்தது.

"எங்க கிட்ட மொத்தமா வந்து குவியுது சார். ஒவ்வொண்ணா யாரும் படிக்கிறதில்ல. மில்லு எங்களுக்கு ஒரு லிஸ்ட் குடுத்துருக்காங்க. ரேப்பியர், ஜக்கார்டு, டாபி, பீம் கெய்ட்டிங்னு. தேடற இடத்துல ரேப்பியர்னு அடிப்போம். அந்த வார்த்தை இருக்கற பேப்பர் மட்டும் மேல வரும். அதுக்குள்ள ஜக்கார்டுனு அடிப்போம். மிச்சம் இருக்கறதத்தான் மனுஷங்க படிக்கிறோம். உங்களோடது படம். படத்துக்குள்ள இருக்கற எழுத்து தேடலுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் உங்காளு வரமாட்டாரு. பெட்டின்னு யாரும் தேடறதில்ல."

"அப்ப அந்த வார்த்தைங்கள எல்லாம் போட்டு அனுப்பிடட்டுமா?"

"ஐயோ, அவருக்குத் தெரிஞ்சத மட்டும் போடுங்க. மில்லுல போன்ல கேப்பாங்க, அப்புறம் மெஷின்ல நிக்க வெச்சுப் பாப்பாங்க. போன மாசம் ஒருத்தரு பொய்யா அனுப்பிட்டு எங்க மானமே போச்சு."

அன்று சாயந்திரம் ஃபிட்டரைக் கடையில் உட்கார வைத்தேன்.

"நாடா இல்லாத தறின்னா இன்னாடா?"

"அதான்ணா, ரேப்பியர். ஊடை நூல இட்டுக்கினு ஓடுற நாடா அதுல கெடையாது. ரெண்டு பக்கமும் கம்பி மாதிரி வந்து நூல எட்டுத்துக்கினு போவும்."

"ரேப்பியர்னு உனக்குத் தெரியுமா?"

"இன்னாண்ணா, மூணு வருசம் அதுமேலயே வுழுந்து கெடந்தேன். ரேப்பியர்னுதான் சொல்லுவோம்."

"அப்ப ஏன்டா எழுதல?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பேப்பர்ல எழுதறதுண்ணா. மருவாதியா நல்ல தமிழ்ல எழுத வாணாமா? ஷெட்டுல பேசறத அப்டியேவா எழுதுவாங்க?"

அதுதான் எங்கள் ஊர் வியாதி. வாயில் இருப்பது வேறு, காகிதத்தில் ஏறுவது வேறு. தினமும் 'ஜக்கார்டு' என்று நூறு தடவை சொல்கிறவன், பேனா பிடித்தால் பெட்டி என்பான். காகிதம் என்றால் அதற்கு வேட்டி கட்டிவிட வேண்டும். நானும் அதே ஊர்க்காரன்தானே, மயில் கட்டிவிட்டேன்.

அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெட்டி என்றால் தறிக்கு மேலே உட்கார்ந்து டிசைன் போடுகிற ஜக்கார்டு. ஊரில் அட்டை போட்டு ஓடுவதும் தெரியும், ஆலையில் கம்ப்யூட்டரில் ஓடுவதும் தெரியும். பாவு உருளை தீர்ந்ததும் புதியதை ஏற்றிக் கட்டுவது பீம் கெய்ட்டிங். நெய்த துணியைச் சுற்றி இழுக்கிற பக்கமும் பாவு நூலை விடுகிற பக்கமும் டேக்-அப், லெட்-ஆஃப். சின்னச் சின்ன டிசைன் போடுகிற டாபி தெரியுமா என்றேன். "கழட்டி மாட்டுவேன். ஆனா டைமிங் வெக்கச் சொன்னா பக்கத்துல ஒராள் வேணும்" என்றான். அப்படியானால் அதை 'உதவியாகச் செய்த அனுபவம்' என்றுதான் போடுவேன் என்றேன். சரி என்றான். மேஸ்திரிக்கு ஆலையில் என்ன பெயர் என்று கேட்டேன். ஜாபர் என்றான். கன்சல்டன்சிப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சரிபார்த்தேன். "ஆமா சார், லூம் ஜாபர்னே போடுங்க. அது எங்க லிஸ்டுல இருக்குது."

மயில் இல்லை, பெட்டி இல்லை, கட்டம் இல்லை. ஒரு பக்கம். மொட்டையாக, வெறும் எழுத்தாக. பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்கு ஆகும் பயோடேட்டா எப்போதும் விதவை மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது என்று சொன்னேன். அவன் சிரித்தான். நாங்கள் சிரித்தது அதோடு சரி.

தொடர்பு எண் என்று ஒரு இடம் இருந்தது. அவனிடம் செல்போன் கிடையாது. என் கடை எண்ணைப் போடலாம் என்றேன். "வாணாம்ணா. உன்து இன்டர்நெட்டு ஓடுச்சினா போன் பூடும். மாமனார் வூட்டு நம்பர் போடு. அவரு இங்கிலீஷ்ல பேசுவாரு. கம்பெனிக்காரனுக்கும் நம்ம மேல ஒரு மருவாதி வரும்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆரணியில் ஆங்கிலம் என்றால் சார்தான். அவர் பையில் எப்போதும் சிவப்பு பால் பாயிண்ட் பேனா இருக்கும். பத்திரிகை, மனு, சர்ச் நோட்டீஸ், கடைப் பலகை என்று ஊரில் ஆங்கிலத்தில் எது வெளியே போனாலும் அவரிடம் ஒருமுறை காட்டித் திருத்தி வாங்குவது வழக்கம். காட்டாமல் போன கடைப் பலகையை அவர் சைக்கிளில் இருந்தபடியே படித்துப் பார்த்து, இறங்கி உள்ளே போய்த் திட்டிவிட்டு வருவார். கூலி வாங்க மாட்டார். அதனால் யாரும் எதிர்த்தும் பேச முடியாது.

மருமகனின் பயோடேட்டாவை அவரிடம் காட்டாமல் அனுப்பலாமா? அவனே போய்ச் சொல்லி அழைத்து வந்துவிட்டான். அப்படியாவது அவர் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லுவார் என்ற ஆசை.

சார் என் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். கடையில் ஜெராக்ஸுக்கு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பெரணமல்லூரிலிருந்து கல்யாணப் பத்திரிகைக்கு வந்த ஒரு குடும்பமே நின்றிருந்தது. அவர் காகிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"ஜாபர்." பேனாவைத் திறந்தார். "டேய், இதுக்கு அர்த்தம் என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"தறி மேஸ்திரி சார்" என்றேன், ஒன்பதாம் வகுப்புக் குரலில்.

"உத்தியோகத்தை வெச்சுக் கள்ள வியாபாரம் பண்றவன். டிக்ஷனரியில இருக்குது. என் மருமகனை ஊழல் பேர்வழின்னு எழுதிக் கொடுத்திருக்கே." அடித்தார். "லெட்-ஆஃப். குத்தவாளியை மன்னிச்சு அனுப்பறது. மாப்பிள்ளை எந்த ஜெயில்ல இருந்தீங்க?"

ஜெராக்ஸ்காரர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரிக்கப் பார்த்தான். சார் அவனைப் 'போங்க வாங்க' என்றுதான் பேசுவார். அது மரியாதை இல்லை. தொடாமல் பிடிக்கிற இடுக்கி.

"ரேப்பியர், ரேப்பியர், ரேப்பியர். ஒரே பக்கத்துல ஏழு தடவை! அது கத்திடா, கத்தி. மெலிசான கத்தி. நல்ல இங்கிலீஷ்ல ஒரு சொல்லை ஒரு தடவைதான் எழுதணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சார், அந்த வார்த்தையத்தான் அவங்க..."

"எவங்க?"

"கன்சல்டன்சில, சார். கம்ப்யூட்டர்ல அந்த வார்த்தைய அடிச்சித் தேடுவாங்க. இல்லாட்டா வராது."

"ஒரு மனுஷனோட தகுதியைக் கம்ப்யூட்டர் வார்த்தை எண்ணிப் பார்த்துச் சொல்லுமா? நீ பரீட்சையில வாங்கின மார்க்கு ஞாபகம் இருக்கா, ஊருக்கே சொல்லட்டுமா?"

பெரணமல்லூர்க் குடும்பம் ஆவலோடு நிமிர்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். வியாபாரம் இருக்கிறதே.

சார் பதினைந்து நிமிடத்தில் காகிதத்தைச் சிவப்பாக்கினார். ஜாபர் போய், நெசவு எந்திர வல்லுநர் என்று பொருள்படும் பெரிய சொல் வந்தது. ரேப்பியர், ஜக்கார்டு, டாபி, பீம் கெய்ட்டிங் நான்கும் அடிபட்டு, அந்த இடத்தில் ஒரே வாக்கியம் எழுந்து நின்றது. 'பட்டு நெசவுக்குரிய பழமையும் புதுமையுமான சகல சாதனங்களோடும் நெருங்கிய பரிச்சயம் வாய்ந்தவர்' என்று தமிழில் சொல்லலாம். நல்ல வாக்கியம். பாடப் புத்தகத்தில் போடலாம். அதில் தேடினால் கிடைக்கக்கூடிய ஒரு வார்த்தை இல்லை.

"பரிச்சயம் இருக்குதா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க மாமா" என்றான்.

"ரேப்பியர்ங்கறது இல்லாட்டா வேலை செய்யத் தெரியாதுங்களா?"

"தெரியுங்க மாமா."

அவன் தன் மாமனாரிடம் அதற்குமேல் ஒரு சொல் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் 'என் மகளைக் கூட்டிட்டு ஓடினப்ப இருந்த வாய் இப்பவும் இருக்குதா' என்று ஊருக்கு முன்னால் கேட்டிருப்பார். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

சார் போன பிறகு அவன், "ண்ணா, எதை அனுப்பப் போறே?" என்று கேட்டான்.

"உன் மாமனாரு கேட்டா அவுருது. கம்பெனி கேட்டா நம்முளுது" என்றேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். மொட்டைப் பக்கத்தை ஈமெயிலில் அனுப்பினேன். சாரின் பக்கத்தைச் சுத்தமாக அச்சடித்து, உறையில் போட்டு அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்; அவர் தன் கைக்காப்பியாக வைத்துக்கொள்ளட்டும் என்று. எங்கள் ஊரில் எல்லோரையும் திருப்திப்படுத்துகிறவனுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கும் கிடைத்தது.

சில நாட்கள் போயின. ஒரு காலையில் சார் சைக்கிளைக் கடை வாசலிலேயே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை. பின்னால் மருமகன் நடந்து வந்தான். அவனையும் அவரே எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நேத்து பெங்களூர்லருந்து போன் வந்துச்சுடா."

மருமகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரு பொண்ணு. இங்கிலீஷ் பரவாயில்லை. உங்க மருமகன் லூம் ஜாபராமே, ரேப்பியர்ல மூணு வருஷமாமே, அடுத்த வாரம் வரச் சொல்லணும், உறுதி பண்ணிக்கத்தான் கூப்பிட்டேன்னா. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. அந்தக் கேவலமான பேப்பரை நீ அனுப்பியிருக்கே! நான் அவ்வளவு திருத்திக் கொடுத்தும்!"

"சார், கூப்புட்டாங்கன்னா நல்லதுதானே..."

"இரு. நான் தெளிவா சொன்னேன். ஜாபர் கிடையாது. ரேப்பியர் கிடையாது. அதெல்லாம் இங்கே டைப் அடிக்கறவன் ஒருத்தன் அறியாமையில போட்ட வார்த்தைங்க. எங்க குடும்பம் அதுக்குப் பொறுப்பில்லை. அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க, சரியான பிரதி கூரியர்ல வருதுன்னேன். அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பேசவே இல்லை. என் இங்கிலீஷைக் கேட்டு ஆடிப் போயிட்டா. அவகிட்டயே விலாசம் வாங்கி, நீ அடிச்சுக் கொடுத்த பிரதியைக் காலையிலயே அனுப்பிட்டேன்." மருமகன் பக்கம் திரும்பினார். "உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்கேன் மாப்பிள்ளை. தேங்க்ஸ் சொல்ல வேண்டாம்."

மருமகன் சொன்னான். உண்மையிலேயே "தேங்க்ஸுங்க மாமா" என்று சொன்னான்.

சார் தலை மறைந்ததும் இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டுப் பெங்களூருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணின் குரலில் சிரிப்பு இல்லை.

"சார், அவங்க வீட்டுலருந்தே சொல்லிட்டாங்க. அந்த அனுபவம் எதுவும் கிடையாதுன்னு."

"மேடம், அவரு சொன்னது வார்த்தைய. வேலைய இல்ல. அவரு இங்கிலீஷ் வாத்தியாரு."

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் கேட்டது ரேப்பியர் தெரியுமான்னு. குடும்பத்துப் பெரியவரு இல்லன்றாரு. பொய்ன்றாரு. போன மாசம்தான் ஒரு பொய் பயோடேட்டாவால மில்லுல எங்களக் கழுவி ஊத்தினாங்க. நான் உண்மையில்லனு குறிச்சி மேல அனுப்பிட்டேன்."

"இப்ப அவனே நேரா பேசட்டும். நிக்கிறான். டெஸ்ட் வெச்சிப் பாருங்க."

ரிசீவரை அவனிடம் கொடுத்தேன். அவன் ஃபிட்டர்கள் பேசுவதுபோலவே பேசினான், மரியாதையை மறந்து, ஷெட்டில் பேசுவதை அப்படியே. ரேப்பியரில் ஊடை அறுந்தால் எங்கே பார்ப்பது, ஜக்கார்டில் ஒரு நூல் தூக்காவிட்டால் எதைக் கழற்றுவது என்று. அவள் கேட்டுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். முடிவில் அவள் என்ன சொன்னாள் என்பதை அவன் ரிசீவரை வைத்த பிறகு சொன்னான்.

"பேர் லிஸ்டு மில்லுக்குப் பூடுச்சாம்ண்ணா. என் பேருக்கு நேரா பொய்னு போட்டது கம்ப்யூட்டர்ல இருக்குமாம். அந்த கன்சல்டன்சில அது போவாதாம். நல்லா வேல தெரிஞ்சவங்க மாதிரிதான் பேசறீங்க, ஆனா நான் இன்னா பண்றதுன்றாங்க." கொஞ்சம் யோசித்தான். "தப்பு அவங்களுதும் இல்லண்ணா. ரெண்டு பேப்பர் ஒரே ஆளுக்கு வந்தா அவங்க எத்த நம்புவாங்க."

சாரின் கூரியரும் போய்ச் சேர்ந்தது. அதைத் தேடி யாரும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

சாரின் மகள் ஒருநாள் கடைக்கு வந்தாள். ஏழு மாதம் இருக்கும். ஏதோ சான்றிதழ் ஜெராக்ஸ் என்று வந்தாள். ஜெராக்ஸ் எடுக்க வரவில்லை. "அண்ணா, அந்த வேல எதுக்குப் போச்சு?" என்று கேட்டாள். அப்பா சொன்ன பதிலை அவளே சொன்னாள்: கம்பெனிக்காரன் தரமான ஆங்கிலத்தைப் பார்த்து மிரண்டுவிட்டான், உன் வீட்டுக்காரருக்கு அந்த ஆங்கிலத்துக்கு ஈடான தகுதி இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லட்டுமா அண்ணா?"

"சொன்னா?"

அவள் யோசித்தாள். "சொன்னா, அவரு டிக்ஷனரியைத் தூக்கிட்டு வருவாரு."

சார் கெட்டவர் இல்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. மகளுக்கு நல்ல வேலைக்காரப் புருஷன் வேண்டும் என்று அவர் நிஜமாகவே விரும்பினார். தேவாலயத்தில் அவனுக்காக ஜெபம்கூடக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவன் வாழ்க்கை ஒரு பக்கம், ஒரு சொல்லை ஏழு தடவை எழுதுகிற அசிங்கம் மறுபக்கம் என்று வந்தபோது, அவர் கை தானாகவே பேனாவுக்குத்தான் போனது. அவரைக் குறை சொல்கிறேனா? எனக்கு அவர் போட்ட மார்க்கைக் கழித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அதே ஆலைக்கு அவன் கடைசியில் போனான். களம்பூர்க்காரர் ஒருவர் ஆள் அனுப்புகிற ஒப்பந்தம் எடுத்திருந்தார். பயோடேட்டா வேண்டாம், கையும் காலும் இருந்தால் போதும். ஹெல்ப்பர் என்று பதிவு. ஹெல்ப்பர்களுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடையாது. ஒரு கொட்டகையில் இருபது பேர் படுக்க வேண்டும். அங்கே ஒரு மாதத்திலேயே அவன் கை தெரிந்துபோயிற்று. ரேப்பியர் நின்றால் அவனைத்தான் கூப்பிட்டார்கள். போனில் பேசும்போது கேட்டேன்.

"அப்ப ஜாபரா போட்டுட்டாங்களா?"

"அதெப்டிண்ணா? ஜாபர் லிஸ்டுல என் பேருக்கு நேரா பொய்னு இருக்குதே. ஆபீஸ்ல பாத்தாங்க. ஸ்பேனர் மட்டும் குடுக்கறாங்க. புதுசா வந்த ஜாபருக்குச் சொல்லிக் குடுக்கறதும் நான்தான்."

"அவன் மேல ஒரு கல்லத் தூக்கிப் போடு."

"நல்ல பையன்ணா. குடும்பத்தோட வந்துருக்கான். அவன் பொண்டாட்டி எனக்கு மோர் குடுத்து அனுப்புது."

குழந்தை பிறந்தது, பெண். சார் அதற்கு ஞானஸ்நானப் பத்திரிகை அடிக்க என் கடைக்கு வந்தார். மருமகனும் வந்திருந்தான், குழந்தையைப் பார்க்க இரண்டு நாள் விடுப்பில். சட்டை எண்ணெய் நாற்றம் அடித்தது. சார் ஆங்கிலத்தில் வாசகம் சொல்ல, நான் அடித்துக்கொண்டே வந்தேன். குழந்தையின் தகப்பன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"பதவி போடணும். ஹெல்ப்பர்னு போட்டா நல்லா இருக்காது. அசிஸ்டென்ட்னு போடு. அர்த்தம் அதேதான். என்ன மாப்பிள்ளை?"

"சரிங்க மாமா."

அசிஸ்டென்ட் என்று அடித்தேன். சார் எழுத்தைச் சரிபார்த்து, ஒரு காற்புள்ளி நகர்த்தி, ஜெப நேரம் என்று சைக்கிளில் போய்விட்டார். சிவப்பு மைக்கு அன்றைக்கு வேலை இல்லை. அவருக்கு அதுவே பெரிய திருப்தியாக இருந்தது.

மருமகன் திரையில் தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பங்ஷன் ஞாயித்துக்கிழமதானேண்ணா?"

"ஆமாம். இருப்பேல்ல?"

"எங்க? சனிக்கிழம புது பீம் ஏத்தறாங்க. அந்த ஜாபர் பையனுக்குத் தனியா வராது." அவன் எழுந்தான். "ஒரு பத்திரிகை மட்டும் எட்டுத்து வைண்ணா. அடுத்த தபா வரசொல்ல வாங்கிக்கிறேன்."